ஒரே பங்கு, ஒரே எண்கள்: எனக்கு 45, நண்பருக்கு 68. இரண்டு கட்ட டிவிடெண்ட் கணக்கில் எங்கே பிரிகிறோம்?

கரையோரம் | ஜனவரி 9, இரவு 9.40

ஒரு பங்கை இரண்டு கட்ட டிவிடெண்ட் முறையில் மதிப்பிட்டேன். நண்பரும் அதே எண்களை வைத்துப் போட்டார். எனக்கு 45 வருகிறது, அவருக்கு 68. சந்தையில் விலை 58. என் கணக்கை நம்பினால் விற்க வேண்டும், அவர் கணக்கை நம்பினால் இன்னும் வாங்க வேண்டும். மூன்று நாளாக இதே யோசனை.

ஒரு பங்குக்கு லாபம் 5. அதில் 2 டிவிடெண்டாக வருகிறது, அதாவது பேஅவுட் 40%. மீதி 60% கம்பெனிக்குள்ளேயே தங்குகிறது. பங்கு மூலதனத்தின் மேல் அவர்கள் சம்பாதிப்பது 25%. அதனால் வளர்ச்சி 15%. இது 5 ஆண்டு நீடிக்கும், அதற்குப் பிறகு 5% என்று நிலைத்துவிடும் என்று வைத்தேன். எனக்கு வேண்டிய வருமானம் 12%.

முதல் 5 ஆண்டு டிவிடெண்ட் 2.30, 2.65, 3.04, 3.50, 4.02. எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 10.83. இதுவரை நண்பருக்கும் எனக்கும் ஒன்றுதான். 6ஆம் ஆண்டு டிவிடெண்டுக்கு நான் 4.02-உடன் 5% சேர்த்து 4.22 என்று எடுத்தேன். அதை 12-க்கும் 5-க்கும் உள்ள 7%-ஆல் வகுத்தால் 5ஆம் ஆண்டு முடிவில் பங்கின் மதிப்பு 60.34. இன்றைக்கு அது 34.24. மொத்தம் 45.07.

நண்பர் 6ஆம் ஆண்டு டிவிடெண்ட் 7.04 என்று போட்டிருக்கிறார். 4.02-இலிருந்து ஒரே ஆண்டில் 7.04. லாபம் 5% ஏறும்போது டிவிடெண்ட் 75% எப்படி ஏறும்?

நாலுகாசு | ஜனவரி 9, இரவு 10.15

இரண்டு பேருமே தவறு. வளர்ச்சி 15%, வேண்டிய வருமானம் 12%. வளர்ச்சி இதைவிடப் பெரிதாக இருந்தால் சூத்திரத்தில் கீழே மைனஸ் வந்துவிடும். இந்தப் பங்குக்கு இந்த முறையே பொருந்தாது.

மழைத்துளி | ஜனவரி 9, இரவு 10.50

என்னிடம் இருக்கும் பங்கிலும் இரண்டு கட்டமாகத்தான் டிவிடெண்ட் வருகிறது. நடு ஆண்டில் இடைக்கால டிவிடெண்ட், ஆண்டு முடிவில் இறுதி டிவிடெண்ட். இடைக்காலத்தில் வருவது எப்போதும் குறைவு. உங்கள் நண்பர் இரண்டையும் சேர்த்துவிட்டாரோ? 4.02-உடன் இன்னொரு தவணை சேர்ந்தால் 7.04 வர வாய்ப்பு உண்டே.

பழையபேரேடு | ஜனவரி 10, காலை 6.30

மழைத்துளி, இங்கே கட்டம் என்றால் கம்பெனியின் வாழ்க்கையில் இரண்டு காலம். வேகமாக வளரும் காலம் ஒன்று, நிதானமாகப் போகும் காலம் ஒன்று. தவணையைப் பற்றிய பேச்சு இல்லை.

நாலுகாசு சொன்னதில் பாதி சரி. கீழே மைனஸ் வருவது, என்றென்றைக்கும் ஓடும் வளர்ச்சிக்கான சூத்திரத்தில். முதல் கட்டத்தில் அந்தச் சூத்திரம் வராது. 5 டிவிடெண்டை ஒவ்வொன்றாக இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுகிறோம், அவ்வளவுதான். அங்கே வளர்ச்சி 15 என்ன, 40-ஆக இருந்தாலும் கணக்கு நடக்கும். இரண்டாம் கட்டத்தில்தான் வளர்ச்சி 12-க்குக் கீழே இருந்தாக வேண்டும், இருக்கிறது. வேகமாக வளரும் பங்குக்கு ஒற்றைக் கட்டக் கணக்கு நடக்காது என்பதால்தான் இரண்டு கட்டம் வந்தது.

கரையோரம், உங்கள் நண்பர் செய்ததுதான் முறை. உங்கள் 45-இல் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதல் கட்டத்தில் 15% எப்படி வந்தது? 60%-ஐ உள்ளே வைத்து அதில் 25% சம்பாதித்ததால். வளர்ச்சி 5%-க்கு இறங்கிய பிறகும் நீங்கள் பேஅவுட்டை 40%-லேயே விட்டுவிட்டீர்கள். அப்படியென்றால் கம்பெனி இன்னமும் 60%-ஐ உள்ளே வைக்கிறது, ஆனால் 5%-தான் வளர்கிறது. 5-ஐ 0.60-ஆல் வகுத்துப் பாருங்கள். 8.33%. உள்ளே வைக்கும் பணத்தில் அது சம்பாதிப்பது அவ்வளவுதான். நீங்கள் 12% கேட்கும் பணத்தில் 8.33% சம்பாதித்துக்கொண்டு, என்றென்றைக்கும் லாபத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்துவைக்கும் ஒரு நிர்வாகத்தை நீங்கள் மதிப்பிட்டிருக்கிறீர்கள்.

நண்பர் இரண்டாம் கட்டத்தில் உள்ளே வைக்கும் பணத்தில் சம்பாதிப்பது 15% என்று வைத்திருப்பார். 5% வளர 15% சம்பாதிக்கும் கம்பெனிக்கு மூன்றில் ஒரு பங்கை உள்ளே வைத்தால் போதும். மீதி மூன்றில் இரண்டு பங்கு வெளியே வரும். 6ஆம் ஆண்டு லாபம் 10.56. அதில் மூன்றில் இரண்டு 7.04. கீழே EPS என்பது பங்குக்கு லாபம், ROE என்பது உள்ளே வைக்கும் பணத்தில் சம்பாதிப்பது, g இரண்டாம் கட்ட வளர்ச்சி, r வேண்டிய வருமானம், D டிவிடெண்ட், P பங்கின் மதிப்பு.

```
P5 = EPS6 × (1 − g/ROE) / (r − g)
P0 = D1/(1+r) + ... + D5/(1+r)^5 + P5/(1+r)^5
```

7.04-ஐ 7%-ஆல் வகுத்தால் 100.57, இன்றைக்கு 57.07. முதல் கட்டத்தின் 10.83 சேர்ந்தால் 67.90.

பழையபேரேடு | ஜனவரி 10, காலை 6.45

மேலே “முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக” என்று எழுதிவிட்டேன். 60% என்பதே சரி, அப்படியே படியுங்கள்.

கரையோரம் | ஜனவரி 10, மாலை 7.20

8.33 என்ற எண்ணை என் தாளில் எங்குமே நான் எழுதவில்லை. எழுதாத எண் ஒன்று உள்ளே உட்கார்ந்து விலையை இவ்வளவு இழுத்திருக்கிறது என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. டிவிடெண்டை 5% கூட்டு என்று சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் அந்த 75% தாவல் உறுத்துகிறது. எந்த நிர்வாகம் ஒரே ஆண்டில் டிவிடெண்டை இப்படித் தூக்கும்?

மழைத்துளி | ஜனவரி 10, இரவு 8.05

கேள்வியை நேற்று தப்பாகப் படித்துவிட்டேன், ஆனால் இப்போது பேசுவது என் பங்கில் நடந்ததைப் போலவே இருக்கிறது. ஒரு கம்பெனியில் பல வருடமாகப் பங்கு வைத்திருக்கிறேன். முதலில் தொழிற்சாலை மேல் தொழிற்சாலையாகக் கட்டினார்கள், டிவிடெண்ட் மிகக் குறைவு. பிறகு புதிதாகக் கட்டுவதை நிறுத்தினார்கள். லாபம் பெரிதாக ஏறவில்லை. டிவிடெண்ட் மட்டும் 3 ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. கம்பெனி பறக்கப் போகிறது என்று நினைத்து இன்னும் வாங்கினேன். அதற்குப் பிறகு விலை பெரிதாக நகரவே இல்லை. டிவிடெண்ட் மட்டும் ஒழுங்காக வருகிறது.

பழையபேரேடு | ஜனவரி 10, இரவு 9.10

மழைத்துளி சொல்வதுதான் நிஜத்தில் நடப்பது. ஒரே ஆண்டில் தாவாது, 3 அல்லது 4 ஆண்டில் ஏறும். வேகமான வளர்ச்சி முடிந்தது என்பதற்கு டிவிடெண்ட் ஏற்றமே அடையாளமாக இருக்கும் இடங்கள் நிறைய. நம் கணக்கு அந்த ஏற்றத்தை ஒரே புள்ளியில் அடைக்கிறது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, பேஅவுட்டை மாற்றாமல் ஒரு மதிப்பீடு எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பக்கூட இல்லை. “இந்த 60%-ஐ வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி என்ன செய்யப் போகிறது?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு டிவிடெண்டை நேராக எழுதுவதில்லை. லாபத்தை எழுதுவேன், வளர்ச்சியை எழுதுவேன், புதுப் பணத்தில் எவ்வளவு சம்பாதிப்பார்கள் என்று எழுதுவேன். டிவிடெண்ட் அவற்றிலிருந்து தானாக வரட்டும்.

நாலுகாசு | ஜனவரி 11, காலை 8.00

முதல் கட்ட விஷயம் புரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5% என்பதே அதிகம் என்பேன். என்றென்றைக்கும் என்பது நீண்ட காலம். பாதுகாப்புக்கு 3% என்று குறைத்துப் போடுங்கள். குறைத்தால் விலையும் குறையும், நாம் ஏமாற மாட்டோம்.

பழையபேரேடு | ஜனவரி 11, பகல் 1.30

குறைத்தால் விலை குறையும் என்பது எப்போதும் உண்மை இல்லை. போட்டே பார்க்கலாம்.

கரையோரத்தின் முதல் கணக்கில் ஒளிந்திருந்த 8.33%-ஐ வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, வளர்ச்சியை 5-இலிருந்து 3-ஆகக் குறையுங்கள். இப்போது 36%-ஐ உள்ளே வைத்தால் போதும், 64% வெளியே வரும். மதிப்பு 45.07-இலிருந்து 52.6-ஆக ஏறுகிறது. 12% செலவுள்ள பணத்தில் 8.33% சம்பாதிக்கிறவர்கள் குறைவாக வளர்ந்தால் பங்குதாரருக்கு நல்லது, அதனால்தான்.

நண்பரின் 15%-இல் அதையே செய்தால் 67.90-இலிருந்து 63.1-ஆக இறங்குகிறது. இங்கே குறைத்தால் குறைகிறது, ஆனால் கொஞ்சம்தான்.

இரண்டுக்கும் நடுவில் சரியாக 12% சம்பாதிக்கும் கம்பெனி என்று வையுங்கள். அப்போது 5ஆம் ஆண்டு முடிவின் மதிப்பு, 6ஆம் ஆண்டு லாபத்தை 12%-ஆல் வகுத்தது மட்டுமே. 10.56-ஐ 0.12-ஆல் வகுத்தால் 88. இன்றைய மொத்தம் 60.76. 6ஆம் ஆண்டு லாபம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அதற்குமேல் வளர்ச்சி 3-ஆ 5-ஆ என்பது விலையைத் தொடாது. உள்ளே வைக்கும் ஒவ்வொரு காசும் வெளியே கொடுத்திருந்தால் எவ்வளவு மதிப்போ, அவ்வளவே ஆகிறது.

ஆகவே வளர்ச்சி எண்ணில் மட்டும் பாதுகாப்பைத் தேடாதீர்கள். வளர்ச்சியை மாற்றும்போது பேஅவுட்டும் கூடவே அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் தாள் பொய் சொல்லும். நண்பரின் கணக்கில் வளர்ச்சியை 6% ஆக்கி பேஅவுட்டை மூன்றில் இரண்டிலேயே விட்டால் 78 வரும். சேர்த்து மாற்றினால் 71 தான். இலவசமாக வந்தது போலத் தெரியும் அந்த 7, பேஅவுட்டை மறந்ததால் வந்தது.

கரையோரம் | ஜனவரி 11, இரவு 10.25

என் தாளில் 5% இருந்த இடத்தில் 6% போட்டால் 51 வந்தது, 3% போட்டால் 37 வந்தது. இவ்வளவு ஆடுகிறதே, இந்த முறையையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி பேஅவுட்டைக் கட்டிப்போட்டதால் வந்தது என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று. 15%-இலிருந்து 5%-க்கு ஒரே நாளில் விழுவது நடக்காத காரியம். படிப்படியாக இறங்குவது போல மாற்றினால் பதில் பெரிதாக மாறுமா?

பழையபேரேடு | ஜனவரி 12, காலை 6.10

1984-இல் புல்லர், சியா என்ற இருவர் இதற்கென்றே ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். எச் மாடல் என்பார்கள். வளர்ச்சி நேர்கோட்டில் இறங்குகிறது என்று வைத்து, இறங்கும் காலத்தின் பாதியை H என்று எடுப்பார்கள். gS தொடக்க வளர்ச்சி, gL கடைசியில் நிலைக்கும் வளர்ச்சி.

```
P0 = D0 × [(1 + gL) + H × (gS − gL)] / (r − gL)
```

உங்கள் எண்களில் 15% என்பது 10 ஆண்டில் மெல்ல 5%-க்கு இறங்கட்டும். H என்பது 5. உள்ளே 1.05-உடன் 0.50 சேர்ந்து 1.55, அதை 2-ஆல் பெருக்கி 0.07-ஆல் வகுத்தால் 44.29. நீங்கள் போட்ட செங்குத்துச் சரிவில் 45.07. 5 ஆண்டு முழு வேகமும் 10 ஆண்டு இறங்கும் வேகமும் ஏறக்குறைய ஒரே பரப்பு, அதனால் விலையும் ஏறக்குறைய ஒன்றே.

இதிலும் பேஅவுட் மாறுவதில்லை, கவனியுங்கள். அதனால்தான் உங்கள் 45-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சரிவின் வடிவம் மாறியதால் விலை 1-கூட முழுதாக நகரவில்லை. பேஅவுட்டைச் சரிசெய்ததில் 23 நகர்ந்தது. எதில் நேரம் செலவழிப்பது என்பது இதிலேயே தெரியும்.

நாலுகாசு | ஜனவரி 12, இரவு 9.45

நேற்றிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேரேடு அவர்களே, 25% சம்பாதித்த கம்பெனி 15%-க்கு இறங்குகிறது என்கிறீர்கள். அப்படி இறங்கினால் லாபமே விழ வேண்டாமா? ஒரு பங்குக்குப் புத்தக மதிப்பு இன்று 23 என்று வைத்தேன், அடுத்த ஆண்டு லாபம் 5.75 அதில் 25% ஆகிறது. 5 ஆண்டில் அது 46.26-ஆக வளரும். அதில் 15% என்றால் 6ஆம் ஆண்டு லாபம் 6.94. நீங்கள் 10.56 என்று போட்டிருக்கிறீர்கள். 5ஆம் ஆண்டு லாபமே 10.06. விகிதம் இறங்கியும் லாபம் ஏறுவது எப்படி?

6.94-ஐ வைத்து மூன்றில் இரண்டு பங்கு டிவிடெண்ட் என்று போட்டால் மொத்தம் 48.3 தான் வருகிறது. சுற்றிச் சுற்றிக் கரையோரத்தின் 45-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம்.

பழையபேரேடு | ஜனவரி 13, காலை 6.40

இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

என் கணக்கில் 15% என்பது புதிதாகப் போடும் பணத்துக்கு மட்டும். ஏற்கெனவே கட்டிய தொழிற்சாலையும் பிடித்த வாடிக்கையாளர்களும் பழையபடியே சம்பாதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 6ஆம் ஆண்டில் 46.26-க்கு 10.56 என்றால் மொத்தமாக 22.8%. பழையதும் சேர்ந்து 15%-க்கு விழும் என்று எடுத்துக்கொண்டது நீங்கள். போட்டியாளர் வந்து விலையை உடைத்துவிட்டால் உங்கள் பக்கம்தான் நடக்கும். காப்புரிமை முடிந்த மருந்து என்றால் 5ஆம் ஆண்டு கடைசியிலேயே நடக்கும். நல்ல இடத்தில் கட்டிய துறைமுகம் என்றால் என் பக்கம்.

48-க்கும் 68-க்கும் நடுவில் எந்தப் பக்கம் என்று சூத்திரம் சொல்லாது. அது அந்தத் தொழிலைப் பார்த்துத்தான் தெரியும்.

நாலுகாசு | ஜனவரி 13, காலை 9.20

பழையது அப்படியே என்றென்றைக்கும் 22.8% தரும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தத் தொழிலும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

பழையபேரேடு | ஜனவரி 13, பகல் 2.00

என்றென்றைக்கும் 22.8 இல்லை. ஒவ்வொரு ஆண்டும் 15% தரும் புதுப் பணம் சேரச் சேர மொத்த விகிதம் மெல்ல 15-ஐ நோக்கி இறங்கும். ஆனால் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நான் சொல்லும் வேகத்தைவிட சீக்கிரமாகவே பல கம்பெனிகளுக்கு இறங்குகிறது.

மழைத்துளி | ஜனவரி 13, இரவு 8.30

என் கம்பெனியில் பழைய தொழிற்சாலைகளின் லாபம் விழவில்லை. புதிதாகக் கட்ட இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இருக்காது போல.

கரையோரம் | ஜனவரி 16, இரவு 11.15

மூன்று நாள் பழைய ஆண்டறிக்கைகளைப் பார்த்தேன். புதுப் பணத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று நேராகவே கணக்குப் போட முயன்றேன். 4 ஆண்டுக்கு முன் பங்குக்கு லாபம் 3.10. இன்று 5. கூடியது 1.90. இடையில் வந்த லாபம் மொத்தம் 15, அதில் 60% உள்ளே போயிருக்கிறது, அதாவது 9. 9 போட்டு 1.90 கூடியிருக்கிறது. 21%.

ஆக நான் அறிக்கையில் பார்த்து எடுத்த 25% என்பது பழையதும் புதியதும் கலந்த சராசரி. புதுப் பணத்துக்கு 21 தான். அப்படியென்றால் முதல் கட்ட வளர்ச்சியே 15% இல்லை, 12.7%. இவ்வளவு நாளும் இரண்டாம் கட்டத்தைப் பற்றியே பேசினோம், முதல் கட்டத்தை நான் சரிபார்க்கவே இல்லை.

12.7% வைத்து மறுபடி போட்டேன். இரண்டாம் கட்டத்தில் புதுப் பணம் 15% தரும் என்றால் 61.8. 12% மட்டுமே தரும் என்றால் 55.3. விலை 58, நட்ட நடுவில் இருக்கிறது. நாலுகாசு சொன்னபடி பழைய லாபமும் விழும் என்று நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

பழையபேரேடு | ஜனவரி 17, காலை 6.20

அந்த 4 ஆண்டில் புதிதாகப் பங்கு வெளியிட்டார்களா என்று பாருங்கள். வெளியிட்டிருந்தால் உள்ளே போன பணம் 9 மட்டும் இல்லை, 21-ம் குறையும். கடன் ஏறியிருந்தாலும் அதே பக்கம்தான் இழுக்கும், 1.90-இல் ஒரு பகுதி கடனால் வந்ததாக இருக்கும்.

கரையோரம் | ஜனவரி 17, இரவு 9.50

பங்கு எதுவும் வெளியிடவில்லை. கடன் ஏறியிருக்கிறது. எவ்வளவு என்று நாளைக்குப் பார்த்துப் போடுகிறேன்.